பேசத் தொடங்கினார்

கூட்டக் குறிப்பின் வரைவை அனுப்பிய மறுநாளே அப்துல் நாசரின் பதில் வந்துவிட்டது. மூன்று பக்கம். பொற்கொடி அதை அச்செடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, காபி ஆறும்வரை தொடாமல் இருந்தாள். அதற்குள் அவரே போன் செய்தார்.

"படிச்சிங்களாம்மா?"

"இன்னும் இல்லைங்க சார்."

"நான் மீட்டிங்ல பேசுனது அரை மணி நேரம். நீங்க எழுதியிருக்கறது ஒரு வரி. 'திரு. அப்துல் நாசர் உடன்படவில்லை.' மொய் நோட்டுல பேரு எழுதற மாதிரியல்ல இருக்குது."

"மினிட்ஸ்னா அப்பிடித்தானுங்க சார். பேசுனதை அப்படியே எழுதறதில்லைங்க. முடிவு என்ன, அதுக்கு யாரு ஒத்துக்கலை, அவ்வளவுதானுங்க."

"அது எனக்குத் தெரியாதா? இதே மில்லுல இருபது வருசம் மேனேஜரா இருந்தவன். ஏன் ஒத்துக்கலைங்கறது வேணுமல்ல. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்தக் கெழவன் சும்மா வீம்புக்கு வேண்டாம்னு சொன்னான்னு நெனைப்பாங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பொற்கொடி அப்படியே சொன்னாள். ஆனால் மூன்று பக்கத்தையும் சேர்க்க முடியாது என்றும் சொன்னாள்.

காரமடை சாலையில் இருக்கும் அந்த நூற்பாலையில் அவள் கம்பெனி செக்ரெட்டரி. இயக்குநர்கள் கூடுவதற்கு அறிவிப்பு அனுப்புவது, கூடியபின் நடந்ததை எழுதுவது, எழுதியதைக் காப்பது அவள் வேலை. கூட்டம் முடிந்து பதினைந்து நாளுக்குள் வரைவு எல்லோருக்கும் போக வேண்டும். அவர்கள் ஏழு நாளுக்குள் திருத்தம் சொல்லலாம். எல்லாம் முடிந்து, கூட்டம் நடந்த முப்பது நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒருவர் தீர்மானத்தை எதிர்த்தால் அதையும் அவர் பெயரையும் எழுதியே ஆக வேண்டும். யாராலும் எடுக்க முடியாது. ஆனால் தன் வாதத்தைச் சொன்னது சொன்னபடி சேர்க்கச் சொல்லி ஒருவர் கேட்டால், சேர்ப்பதா வேண்டாமா என்பது தலைவர் கையில். அவர் சொல்வதே முடிவு. அவருக்கு அதை எடுத்துச் சொல்லி, எது தங்கலாம், எது போகலாம் என்று யோசனை தருவது மட்டும் செக்ரெட்டரியின் பொறுப்பு. இதுவரை அப்படி யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. நான்கு இயக்குநர்கள்; அவர்களில் மூவர் ஒரே குடும்பம். தீர்மானங்கள் காபியோடு முடிந்துவிடும்.

இந்த முறை முடியவில்லை. மில்லில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி மூன்று மாடிக் கட்டடம். உள்ளே ஒரே மாடிப்படி. தீப்பிடித்தால் இறங்குவதற்கு வெளிப்புறமாக இன்னொரு படி கட்டச் சொல்லி இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிக் கொடுத்திருந்தார். தலைவர் பாலுசாமியின் மகனும் நிர்வாக இயக்குநருமான மோகன்குமார், இந்த வருடம் நூல் சுற்றும் புது ஆட்டோகோனர் இயந்திரம் வாங்குவதால் படியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். நாசர் கூடாது என்றார். குரல் ஏறியது. நூல் நூற்கும் ஸ்பிண்டிலை எண்ணத் தெரிந்தவனுக்குப் பிள்ளைகளை எண்ணத் தெரியவில்லையே என்றார் நாசர். உங்க காலத்துல பஞ்சுக் குடோன் தீப்பிடிச்சப்ப நீங்க ஊட்டியில சம்பந்தி வீட்டுல விருந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்களே என்றார் மோகன்குமார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். கடைசியில் தள்ளிவைப்பது என்று முடிவாகி, நாசர் மட்டும் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார்.

மோகன்குமார் மின்னஞ்சல் எழுதுகிறவர் இல்லை. மறுநாள் அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"நாசர் மாமா என்னமோ மகாபாரதம் எழுதி அனுப்பியிருக்கறாராமா?"

"அவரு சொன்ன காரணங்களைச் சேர்க்கச் சொல்றாருங்க சார்."

"சேருங்க. அப்பறம் நான் குடோனைப் பத்திப் பேசுனதையும் சேருங்க. அவரு பேச்சு இருந்தா என் பேச்சும் இருக்கோணும். அவருது போச்சுன்னா என்னுதும் போகட்டும். கணக்கு சரியாப் போச்சல்ல?"

"குடோன் விசயம் அவரு மேல குத்தஞ்சொல்ற மாதிரி இருக்குதுங்க சார். ஒருத்தரு பேரைக் கெடுக்கற விசயம் மினிட்ஸ்ல வரக்கூடாதுங்க."

"அப்ப ஸ்பிண்டிலு?"

"அதும் வராதுங்க."

அவர் சிரித்தார். "உங்களை ஏமாத்த முடியாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை எல்லாம் அவளுக்குப் பழக்கமான வேலையாகவே இருந்தது. கோபத்தைத் தள்ளிவிட்டுக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. அதில் அவளுக்கு ஒரு மௌனமான கர்வமும் உண்டு.

மூன்றாவது கோரிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. மோகனப்பிரியாவிடமிருந்து. தலைவர் பாலுசாமியின் தம்பிக்கு மருமகள் அவள். கணவன் இறந்தபின் அவன் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவள். நான்கு வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறாள். பருத்திப் புடவை, ஒரு கைப்பை, முடிந்ததும் எல்லோருக்கும் வணக்கம். செய்தியில் இரண்டே வரிதான் இருந்தது.

'ஆஸ்டல் கிரில் கதவை ராத்திரி பூட்டறாங்கன்னு நான் சொன்னது மினிட்ஸ்ல இல்லை. சேர்த்துருங்க மேடம்.'

பொற்கொடி அதை இரண்டாம் முறை படித்தாள். பிறகு கூட்டத்தன்று தான் குறிப்பெடுத்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். நாசர் பேசியது இருந்தது. மோகன்குமார் பேசியது இருந்தது. தலைவர் "போதும்" என்றது இருந்தது. மோகனப்பிரியா பெயர், வந்திருந்தோர் பட்டியலைத் தவிர எங்கும் இல்லை.

நாசரைக் கேட்டாள். "அந்தப் புள்ளயா? வாயே தொறக்கலையே. தொறந்திருந்தா எனக்கு ஒரு துணை கெடைச்சிருக்குமே." மோகன்குமாரைக் கேட்டாள். "அவ எப்ப மீட்டிங்ல பேசியிருக்கறா?"

ஆனால் சொன்ன விஷயம் சிறியதல்ல. மாடிப்படி ஒன்றுதான், அதன் அடியில் இருக்கும் கிரில் கதவையும் இரவில் பூட்டுகிறார்கள் என்றால், தள்ளிவைத்தது ஒரு கட்டட வேலை மட்டும் இல்லை. சர்வேயர் பகலில் வந்து போனவர். அவர் அறிக்கையில் பூட்டைப் பற்றி இல்லை. இது எழுதப்பட்டால், பூட்டு இருப்பது தெரிந்துதான் இயக்குநர்கள் தள்ளிவைத்தார்கள் என்றாகும். எழுதப்படாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாகும். மேலே தூங்குகிற பெண்களுக்கு இரண்டும் ஒன்றுதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

உண்மை, ஆனால் கூட்டத்தில் பேசப்படாதது. அதை எப்படிச் சேர்ப்பது? நல்ல விஷயம் என்பதற்காக ஒன்றைச் சேர்த்தால், நாளை கெட்டதற்காக ஒன்றைச் சேர்க்கச் சொல்லும்போது எதை வைத்து மறுப்பது?

மோகனப்பிரியாவின் வீடு துடியலூரில், பொற்கொடி தன் வீட்டுக்குப் போகிற வழியில். அன்று சாயங்காலம் ஸ்கூட்டியை அங்கே நிறுத்தினாள்.

மோகனப்பிரியா முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் இருந்தபோது அவள் வேறு மாதிரி இருந்தாள். உள்ளிருந்து தொலைக்காட்சிச் சத்தம் கேட்க, "சவுண்டக் கொற" என்று சத்தமாகவே சொன்னாள்.

"ஆயுத பூஜைக்குப் பொங்கல் குடுக்க ஆஸ்டலுக்குப் போனனுங்க மேடம். திரும்பி வாரப்ப இருட்டிப்போச்சு. வார்டன் காளியாத்தாக்கா கீழ கிரில்லைச் சாத்திப் பூட்டிப்போட்டு சாவிய இடுப்புல சொருகிட்டாங்க. அவங்க படுக்கறது சமையக்கட்டுக்குப் பின்னால, வேற கட்டடம். படியெல்லாம் ஈரத்துணி காயப்போட்டிருக்குதுங்க. எனக்கு அன்னைக்கிருந்தே அது மனசுல இருந்துச்சு."

"அதை மீட்டிங்ல சொன்னீங்களாங்க?"

"ஆரம்பிச்சனுங்க."

"நான் எழுதலைங்க. நாசர் சாருக்கும் எம்.டி. சாருக்கும்கூட ஞாபகம் இல்லைங்கறாங்க."

மோகனப்பிரியா டீ டம்ளரை நகர்த்தினாள். "அவங்களுக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும். அவங்க ரண்டு பேரும் கத்திக்கிட்டு இருந்தாங்க. நான் 'ஏனுங்க மாமா, அந்தக் கிரில் கதவு ராத்திரி'ன்னு எடுத்தனுங்க. நீங்கதான் என்னப் பாத்துக் கையக் காமிச்சீங்க."

"நானா?"

"'மேடம், ஒரு நிமிசம், எம்.டி. சார் முடிச்சரட்டுங்க'ன்னீங்க. அப்பறம் அவங்க முடிக்கவே இல்லையே. ஓட்டுக்குப் போயிட்டீங்க." பிறகு அவசரமாகச் சொன்னாள், "கோவமில்லைங்க. உங்க வேலை அதுதானுங்களே. முறுக்கு எடுத்துக்கங்க."

பொற்கொடி எடுத்துக்கொண்டாள். கடித்தபின் அது வாயில் கரையாமல் நின்றது.

வீட்டுக்கு வந்து சமையல் செய்யும்போதும், கணவன் பிரான்சிஸ் வங்கியிலிருந்து வந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோதும், அவள் அந்த அறையைத் திரும்பத் திரும்ப உள்ளுக்குள் விரித்துப் பார்த்தாள். நீள மேசை. ஏசியின் முனகல். நாசரின் கை மேசையில் தட்டியது. அதற்கு எதிரே மோகனப்பிரியா. அவள் உதடு அசைந்ததா? தன் கை உயர்ந்ததா? எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. மோகனப்பிரியா சொன்னது பொய் என்றால் கோபம் வந்திருக்கும். வரவில்லை. 'நான் அப்படிச் செய்யக்கூடியவள்' என்பது மட்டும் நினைவைவிடத் தெளிவாக இருந்தது.

நாசர் இடையில் பேசினால் அவள் கையைக் காட்டமாட்டாள். மோகன்குமார் பேசினால் பேனாவை நிறுத்திக் காத்திருப்பாள். மோகனப்பிரியாவுக்கு மட்டும் அந்தக் கை தானாக எழும். அது ஒரு செயலென்றுகூட அவளுக்குப் பதியாது. ஈயை ஓட்டுவது யாருக்கு நினைவிருக்கும்? அவளுடைய அம்மா இதே பக்கத்துத் தோட்டங்களில் களை பறித்தவள். தோட்டத்துச் சொந்தக்காரர் பேசும்போது குழந்தைகள் சத்தம் போட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மாவின் கை பின்னால் நீண்டு அமர்த்தும். படித்து, சட்டப் பரீட்சைகள் எழுதி, ஏசி அறையில் உட்கார்ந்தபிறகும் கை மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டதா?

கேட்கக்கூடிய ஒருவர் மிச்சமிருந்தார்.

பாலுசாமி காலையில் மில்லுக்கு வந்து, பழைய ஆபீஸ் அறையில் பஞ்சு மாதிரிகளோடு உட்கார்ந்திருப்பார். கொள்முதல் எல்லாம் இப்போது ஆய்வுக்கூட அறிக்கையை வைத்துத்தான். ஆனாலும் அவர் ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்து இழுத்து இழையின் நீளம் பார்ப்பதை விடவில்லை. அவள் கொண்டுபோன குறிப்பை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

"படி அம்மணி. என் கண்ணாடி ஊட்டுல."

படித்தாள். நாசருக்கு: விடுதிக்கு வெளிப்புறப் படி உடனே வேண்டும், இயந்திரத்துக்காக அதைத் தள்ளிவைப்பது பாதுகாப்புக்கு ஏற்றதல்ல என்று சொல்லி உடன்படவில்லை. மோகன்குமாருக்கு: பழைய இயந்திரத்தால் நூலின் தரம் குறைந்து வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள், எனவே இயந்திரம் முதலில் வேண்டும் என்றார். ஸ்பிண்டில், குடோன், ஊட்டி விருந்து மூன்றும் இல்லை.

"ஸ்பிண்டிலு நல்லாத்தான் சொன்னான் நாசரு," என்று பாலுசாமி சிரித்தார். "ஆனா வேண்டாம். ரண்டும் சரியா இருக்குது. அப்பறம்?"

"மோகனப்பிரியா மேடம் ஒண்ணு சேர்க்கச் சொல்றாங்கய்யா." விஷயத்தைச் சொன்னாள். கடைசியில், "அவங்க பேச ஆரம்பிச்சப்ப நான் கையக் காமிச்சு நிறுத்திட்டேன்னு சொல்றாங்க. எனக்கு ஞாபகம் இல்லைங்கய்யா," என்றாள்.

"ஆமா. காமிச்ச." அவர் பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்பிடி." கொத்துப் பஞ்சோடு ஒரு கையை லேசாக உயர்த்தி, உள்ளங்கையை அவள் பக்கம் திருப்பினார். "ஏதோ புள்ள தண்ணி கேக்குதாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்."

அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது. முழுதாக அல்ல. மோகனப்பிரியாவின் காதிலிருந்த சின்னத் தோடும், அது திரும்பிய விதமும் மட்டும்.

"அப்பிடின்னா இதைச் சேர்க்கோணுங்கய்யா."

"எதை? அவ சொல்லாததையா?"

"சொல்ல ஆரம்பிச்சதைங்கய்யா." அவள் தாளைத் திருப்பி, இரவு எழுதிவைத்திருந்ததைப் படித்தாள். "'விடுதியின் கிரில் கதவு இரவில் பூட்டப்படுவது குறித்துத் திருமதி மோகனப்பிரியா பேசத் தொடங்கினார். பேச்சு முடிக்கப்படவில்லை.'"

பாலுசாமி பஞ்சைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். கோபமாக அல்ல, ஒரு கன்றுக்குப் பல் பார்ப்பதுபோல.

"யாரு முடிக்கலை? படிக்கறவன் நான் அதட்டுனேன்னு நெனைப்பான். இல்ல, மோகன் அதட்டுனான்னு நெனைப்பான். செக்ரெட்டரி தடுத்தாங்கன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் அவளை மடக்கிவிட்டதாக நினைத்திருந்தார். அவளும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். கூட்டத்தில் ஒரு இயக்குநரைப் பேசவிடாமல் தடுத்த செக்ரெட்டரி என்று தன் கையாலேயே புத்தகத்தில் எழுதுவது. தணிக்கைக்காரர் படிப்பார், அவளுக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருகிறவர் படிப்பார். அந்தப் புத்தகம் அவளைவிட அதிக நாள் இருக்கும்.

"எழுதறனுங்கய்யா," என்றாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்ன அம்மணி நீ. பூட்டைத் தொறக்கோணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு இத்தனை எழுத்து?" மேசைமேல் இருந்த போனை எடுத்தார். "காளியாத்தா? நாந்தான். ஆஸ்டல் கிரில்லை இனிமே ராத்திரி பூட்ட வேண்டாம். ஆமா. வாட்ச்மேன் இருக்கறானல்ல, அவனப் படிகிட்டப் படுக்கச் சொல்லு... ஐயோ, படிகிட்ட வேண்டாம், கேட்டுகிட்ட. சரி." போனை வைத்தார். "முடிஞ்சுது. தப்பு இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. இனி அதை எழுதுனா நம்ம மூஞ்சியில நாமளே கரியப் பூசிக்கற மாதிரி. கம்பெனிக்கு ஆகாததை மினிட்ஸ்ல வெக்க வேண்டாம்னு சொல்ற அதிகாரம் எனக்கு இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்கய்யா."

"பேச ஆரம்பிச்சது பேச்சாகுமா? பேசி முடிச்சிருந்தா அது வேற. வேண்டாம். எடுத்துரு."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். தலைவரின் முடிவு, அதற்குமேல் அவளுக்கு வழியில்லை. வெளியே வந்து, ஓடுகிற ஸ்பின்னிங் கூடத்தின் இரைச்சலுக்குள் நடந்தபோது தன் தோள்கள் லேசாகியிருப்பதைக் கவனித்தாள். நிம்மதி. தன் பெயர் அந்த வரியில் வராது என்ற நிம்மதி. அதைத் தனக்குள் கண்டதும் அவளுக்கு நடக்கவே பிடிக்கவில்லை.

மோகனப்பிரியாவுக்குப் போன் செய்து, பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள், ஆனால் மினிட்ஸில் வராது என்று சொன்னாள்.

"பரவால்லைங்க மேடம்."

"அடுத்த மீட்டிங்ல முதல் விசயமே இந்த மினிட்ஸ்தானுங்க. அப்ப நீங்க சொல்லலாம். முழுசாச் சொன்னீங்கன்னா அந்த மினிட்ஸ்ல அது வந்தே ஆகோணும்னு நான் ஐயாகிட்டச் சொல்லுவனுங்க. பேசி முடிச்சிருந்தா வேறன்னு அவரே சொன்னாருங்க."

"நீங்களே சொல்லிருங்களேன். உங்களுக்குத்தான் அழகாச் சொல்ல வரும்."

"நான் இயக்குநர் இல்லைங்க மேடம்."

"அதும் சரிதான்," என்றாள் மோகனப்பிரியா, ஏதோ தக்காளி விலை கேட்டவள் போல.

பத்து நாளிருக்கும். விடுதிச் சாப்பாட்டுக் கணக்குக்காகக் காளியாத்தாள் ஆபீசுக்கு வந்தாள். பொற்கொடி கூப்பிட்டுக் கேட்டாள்.

"கிரில் தொறந்துதான இருக்குதுங்கக்கா?"

காளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஐயா சொன்னாங்கனு ரண்டு நாள் தொறந்துதான் வெச்சமுங்க. அப்பறம் ஒரு புள்ளயோட அப்பன் காங்கேயத்துலருந்து வந்து சத்தம் போட்டுப்போட்டான். வயசுப் புள்ளைக இருக்கற ஊட்டைத் தொறந்து போட்டா என்ன அர்த்தம், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியாங்கறான். நான் என்னத்தச் சொல்ல? எம்.டி. சார்கிட்டக் கேட்டேன். பூட்டுங்க, பாத்துக்கலாம்னாரு."

"ஐயா சொன்னதைச் சொல்லலையாக்கா?"

"எழுத்துல ஏதாச்சும் குடுத்தாங்களாம்மா? வாய்ல சொன்னது. அவரு அப்பன், இவரு மகன். நான் நடுவுல."

பொற்கொடி பாலுசாமியிடம் மறுபடி போனாள். அந்த அப்பன் சொல்றதும் ஒரு நியாயந்தானே என்றார் அவர். சாவியைப் பெண்களிடமே கொடுத்துவிட்டால் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாமே என்றாள். எத்தனை பேர்கிட்டச் சாவி இருக்கும், தொலைச்சா யாரு பொறுப்பு என்றார். "அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம் அம்மணி." முதல்முறை அவர் போனை எடுத்த வேகத்தை நினைத்துக்கொண்டாள். அன்று அவர் பூட்டைத் திறக்கவில்லை. தாளிலிருந்து ஒரு வரியை எடுக்கத்தான் போன் செய்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது. அவள் கை உயர்ந்தது அவளுக்குத் தெரியாதது போலத்தான்.

அதன்பின் வந்த வாரங்களில் தீயணைப்பு வண்டியின் மணி எங்கே கேட்டாலும் அது எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தன்று காலை மோகனப்பிரியா எல்லோருக்கும் முன்பாகவே வந்திருந்தாள். பொற்கொடி தாள்களை அடுக்கும்போது பக்கத்தில் வந்து, "கையெல்லாம் சில்லுனு இருக்குதுங்க," என்றாள். பொற்கொடி ஏசியைக் கொஞ்சம் குறைத்தாள்.

பாலுசாமி வந்து உட்கார்ந்தார். நாசரும் மோகன்குமாரும் பக்கத்துப் பக்கத்தில், பழைய சண்டையின் சாயலே இல்லாமல், யாரோ ஒருவரின் மகன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"போன மீட்டிங் மினிட்ஸ்," என்றார் பாலுசாமி. "எல்லாரும் பாத்தாச்சல்ல?"

"எனக்கு மூணு பக்கத்துக்கு ரண்டு வரி கெடைச்சுது," என்றார் நாசர். "இந்த மில்லுல அதுவே போனஸ்."

சிரித்தார்கள். மோகனப்பிரியாவும் சிரித்தாள். பொற்கொடி அவளைப் பார்த்தாள். அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அடுத்தது," என்றார் மோகன்குமார். "ஆட்டோகோனர் துறைமுகத்துக்கு வந்தாச்சு. கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்..."

மோகனப்பிரியா எதுவும் பேசவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பேச்சு தன் பாட்டுக்கு அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

பொற்கொடியின் கை உயர்ந்தது. இந்த முறை அது உயர்வதை அவள் பார்த்தாள். உள்ளங்கை மோகன்குமாரின் பக்கம் திரும்பியிருந்தது.

"சார், ஒரு நிமிசங்க. மேடம் ஏதோ பேசறாங்க."

மோகன்குமார் வாயைத் திறந்தபடி நின்றார். "பேசறாங்களா?"

பாலுசாமியின் கண் பொற்கொடியின் கையில் இருந்தது. அது இன்னும் கீழே இறங்கவில்லை. தவறு செய்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. பேசாத ஒருத்தியைப் பேசுகிறாள் என்று சொல்வது, பேசியவளைத் தடுத்ததைப் போலவே இன்னொருத்தியின் வாயைத் தன் கையால் ஆட்டுவதுதான். மோகனப்பிரியா இப்போது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அதையும் அவள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மோகனப்பிரியா ஜிப்பை மூடினாள்.

"ஏனுங்க மாமா, அந்தக் கிரில் கதவு ராத்திரி பூட்டறாங்க," என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "வெளியிருந்து. சாவி வார்டன்கிட்ட. நீங்க தொறக்கச் சொன்னீங்க, மறுபடி பூட்டிட்டாங்க. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான். ஈரத்துணியைச் சொல்லவில்லை. இன்னொரு கட்டடத்தில் வார்டன் தூங்குவதைச் சொல்லவில்லை. படி கட்ட வேண்டும் என்றோ, தள்ளிவைத்தது தவறு என்றோ சொல்லவில்லை.

நாசர் நிமிர்ந்தார். "வெளியிருந்து பூட்டறாங்களா? இத்தனை நாளும்?"

"பேரன்ட்ஸ் கேக்கறாங்க," என்றார் மோகன்குமார். "புள்ளைகளோட சேப்டிக்குத்தான். அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாங்க."

"எந்தப் பேரன்ட்ஸு? எத்தனை பேரு கேட்டாங்க? ஒருத்தன் ரண்டு பேருக்காவ எல்லாரையும் உள்ள வெச்சுப் பூட்டுவீங்களா?"

"உங்களுக்குப் பொண்ணு இருந்து ஆஸ்டல்ல இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா மாமா?"

"எனக்கு ரண்டு பொண்ணு. ரண்டும் ஆஸ்டல்ல இருந்துதான் படிச்சுது. உங்கப்பாவைக் கேளுங்க."

பாலுசாமி கையை உயர்த்தினார். சண்டை நின்றது. அவர் மோகனப்பிரியாவைப் பார்க்கவில்லை, பொற்கொடியைப் பார்த்தார்.

"எழுதிக்க," என்றார். "அவ சொன்னதை. சொன்னதை மட்டும்."

"சரிங்கய்யா."

பேனாவைத் தாளில் வைத்தாள். கை அவளை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தது. ஈரத்துணி, சமையல்கட்டு, ஒரே படி, துடியலூர் வீட்டில் முறுக்குத் தட்டுக்கு எதிரே அவள் சொன்னது எல்லாம் விரல் நுனியில் நின்றது. இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும். அந்த வரி யாரும் கடந்து போக முடியாத வரியாகிவிடும். மோகனப்பிரியாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள், நன்றியோடு பார்ப்பாள்.

அவள் எழுதினாள். விடுதியின் கிரில் கதவு இரவில் வெளியிலிருந்து பூட்டப்படுவதாகவும், சாவி வார்டனிடம் இருப்பதாகவும், தலைவர் திறக்கச் சொன்னபின் மறுபடி பூட்டப்பட்டதாகவும் திருமதி மோகனப்பிரியா தெரிவித்தார்.

முற்றுப்புள்ளி வைத்தாள். மேசைக்கு எதிரே மோகனப்பிரியா அவளுடைய பேனாவின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் ஏதாவது எழுதும் என்று காத்திருப்பவள் போல. பொற்கொடி பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், அவள் மீதியைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"அப்ப கிளியரன்ஸ்," என்றார் மோகன்குமார்.